ஊதியத்துடன் பயிற்சி விடுப்பு: கேட்கும் முறை



மதரஸாக்களில் பணிபுரியும் உஸ்தாத்கள் நிர்வாகத்திடம் விடுப்புக் கேட்கும் சந்தர்ப்பங்கள் நாம் அறிந்தவையே. உடல்நலக் குறைவு, உறவினர் வீட்டுத் திருமணம், ஜனாஸா, உம்ரா ஆகியவற்றுக்காகக் கேட்பதில் எவருக்கும் தயக்கம் இருப்பதில்லை. ஆனால் "பத்து நாட்கள் ஒரு பயிற்சிக்குச் செல்ல வேண்டும், அந்த நாட்களுக்கும் ஊதியம் தர வேண்டும்" என்று கேட்க நேரும்போது நம்மில் பலருக்கு நா எழுவதில்லை. இரண்டு பேச்சுகளுக்கு அஞ்சுகிறோம். தீனுடைய பணியில் இருந்துகொண்டு காசுக்குக் கணக்குப் பார்க்கிறார் என்பது ஒன்று. ஓதிக் கொடுக்க வந்தவருக்கு இனி என்ன படிப்பு என்பது மற்றொன்று. இவ்வச்சத்தினால் சிலர் கேட்காமலேயே இருந்து விடுகின்றனர். வேறு சிலர் உடல்நலமில்லை என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக்குச் செல்கின்றனர். முதலாவதில் பிள்ளைகளுக்கு இழப்பு. இரண்டாவதில் நமது நாவின் வாய்மைக்கு இழப்பு.

கடந்த ஆண்டு இத்தகைய விடுப்பை நாம் பணிபுரியும் மக்தபின் நிர்வாகத்திடம் கேட்டுப் பெற்றோம். கேட்ட முழுமையும் கிடைக்கவில்லை, பெரும்பகுதி கிடைத்தது. அந்த விண்ணப்பத்தை எப்படி ஆயத்தம் செய்தோம், எந்தக் கேள்விகள் எழுந்தன, பயிற்சிக்குப் பின் என்ன மாறியது, எது மாறவில்லை என்பதை இங்கே எழுதுகிறோம். மக்தபில் மட்டுமன்றிக் கடையிலோ பள்ளிக்கூடத்திலோ அலுவலகத்திலோ பணிபுரியும் சகோதர சகோதரிகளுக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதேனும் இருக்கலாம்.

இது அன்பளிப்பா, பணியின் பகுதியா?

விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டியிருந்தது. வகுப்பில் இல்லாத நாட்களுக்கு ஊதியம் பெற நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஃபிக்ஹு நூல்கள் கூலிக்கு அமர்த்தப்படுவோரை இரு வகையாகப் பிரிக்கின்றன. தையற்காரரைப் போலப் பலருக்கும் வேலை செய்து, வேலை முடிந்ததற்குக் கூலி பெறுபவர் ஒருவகை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருவரிடமே தம் நேரத்தை ஒப்படைத்து, அந்த நேரத்துக்குக் கூலி பெறுபவர் மற்றொரு வகை; இவரை 'அஜீர் காஸ்' என்பர். மாதச் சம்பளம் பெறும் உஸ்தாத் இரண்டாம் வகையைச் சார்ந்தவர். தம் நேரத்தை ஒப்படைத்தால்தான் அவருக்குக் கூலி. ஆகவே, சொல்லாமல் கொள்ளாமல் பத்து நாட்கள் எங்கோ சென்றுவிட்டு முழுச் சம்பளத்தையும் எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

எனினும் விஷயம் அத்துடன் முடிந்துவிடவில்லை. விடுமுறை நாட்களில் மதரஸா ஆசிரியருக்கு ஊதியம் உண்டா என்பதை முற்கால அறிஞர்களே ஆராய்ந்திருக்கின்றனர். ஹனஃபி அறிஞர் இப்னு நுஜைம் தமது 'அல்அஷ்பாஹ் வந்நளாயிர்' நூலில், வழக்கம் சட்டத்தில் கருதத் தக்கது என்னும் விதியை விளக்கும் இடத்திலேயே மதரஸா விடுமுறைகளைப் பற்றிப் பேசுகிறார். அறிந்து ஏற்கப்பட்ட வழக்கத்துக்கும், இரு தரப்பும் முன்கூட்டியே செய்துகொண்ட உடன்பாட்டுக்கும் இதில் இடமுண்டு என்பதே நாம் புரிந்துகொண்டது. நமது மக்தபில் பயிற்சி விடுப்பு என்னும் வழக்கம் இருக்கவில்லை. எனவே உடன்பாடு ஒன்றே வழி. உடன்பாட்டுக்குக் கேட்டாக வேண்டும்.

மற்றொரு பக்கமும் உண்டு. நமக்குச் சம்பளம் தருவது நிர்வாகிகளின் சொந்தப் பணமன்று. அது ஜமாஅத்தாரின் சந்தாவும் பள்ளிவாசலுக்கு வக்ஃப் செய்யப்பட்ட கடைகளின் வாடகையும் ஆகும். அது அவர்கள் கையில் உள்ள அமானத். உஸ்தாத் நல்லவர், பாவம், போய்விட்டு வரட்டும் என்று இரக்கப்பட்டு அதிலிருந்து எடுத்துக் கொடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஆனால் பிள்ளைகளின் நலனுக்காகச் செலவிடும் உரிமை உண்டு. அது அவர்களது கடமையும்கூட.

இதைப் புரிந்துகொண்ட பின் விண்ணப்பத்தின் அமைப்பு தானாகவே தெளிவாயிற்று. நிர்வாகி மனமிரங்கும்படி எழுதுவதில் பயனில்லை. அமானத்துக்கு மாறு செய்யாமல் அவர் சம்மதிப்பதற்கு வேண்டிய ஆதாரத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும். இந்தப் பத்து நாட்களும் மக்தபின் வேலையே, வேறோர் இடத்தில் நடக்கும் வேலை என்பதை அவருக்குக் காட்ட வேண்டும்.

அரசுப் பணியிலும் அளவுகோல் இதுதான். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1972ஆம் ஆண்டின் விடுப்பு விதிகளில் படிப்பு விடுப்பு என்று ஒன்று உண்டு. ஊழியரின் கடமையோடு நேரடியான, நெருங்கிய தொடர்புடைய படிப்புக்கே அது உரியது. திரும்பி வந்தபின் மூன்று ஆண்டுகள் பணிபுரிவதாக ஊழியர் எழுதிக் கொடுக்கவும் வேண்டும். சிறிய மக்தபுக்கு அந்த விதிகள் பொருந்தா. ஆனால் அவற்றில் அடங்கியுள்ள இரு கேள்விகள் எங்கும் பொருந்தும்: இந்தக் கல்வி இந்த வேலைக்கா? கற்றவர் இங்கே இருப்பாரா?

தேவையைக் கணக்கெடுத்தல்

நமது மக்தபில் மூன்று உஸ்தாத்களும் ஓர் ஆலிமாவும் பணிபுரிகிறோம். அஸருக்குப் பின்னும் மஃரிபுக்குப் பின்னும் வகுப்புகள் நடைபெறுகின்றன. காயிதா ஓதும் முதல் வகுப்பு நம்முடையது; அதில் 31 பிள்ளைகள். அங்கிருந்து ஜுஸ்உ அம்ம ஓதும் இரண்டாம் வகுப்புக்கும், பின் முஸ்ஹஃபைப் பார்த்து ஓதும் மூன்றாம் வகுப்புக்கும் அவர்கள் செல்வர். பெண் பிள்ளைகளுக்கு ஆலிமா தனியே ஓதிக் கொடுக்கிறார்.

பிள்ளைகளின் உச்சரிப்பில் குறை இருப்பது நால்வருக்கும் தெரியும். ஆனால் உச்சரிப்புச் சரியில்லை என்று பொதுவாகச் சொன்னால், எந்த மக்தபில்தான் சரியாக இருக்கிறது என்ற பதில் வந்துவிடும். ஆகவே இரண்டாம் வகுப்பு உஸ்தாதின் சம்மதத்தோடு ஒரு சிறு சோதனை செய்தோம். நம்மிடம் காயிதா முடித்துச் சென்ற 20 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தோம். பத்துச் சொற்களை ஓர் அட்டையில் எழுதி, ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து வாசிக்கச் செய்தோம். எந்த எழுத்து எந்த எழுத்தாக மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை வீதம் நான்கு வாரங்களில் முடிந்தது.

கிடைத்த விவரம் வருமாறு. தொண்டையின் நடுவிலிருந்து வர வேண்டிய ஹாவையும் தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டிய ஹாவையும் பிரித்துச் சொல்லாதவர்கள் 14 பேர். காஃப் இரண்டையும் ஒன்றாக ஓதியவர்கள் 11 பேர். ஸீனையும் ஸாதையும் ஒன்றாக்கியவர்கள் 9 பேர். நாவின் ஓரம் மேற்கடைவாய்ப் பற்களில் படிந்து பிறக்கும் ளாதைச் சரியாகச் சொல்ல முடியாதவர்கள் 17 பேர்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது ஏன் நேர்கிறது என்பது வெளிப்படை. தாய்மொழியில் ககரம் ஒன்றே. அண்ணத்தின் பின்கோடியில் நாவின் அடி பட்டு எழும் மற்றொரு காஃபை அவர்களது செவி வேறோர் எழுத்தாகவே எடுத்துக்கொள்வதில்லை. பிரித்துக் கேட்காததைப் பிரித்துச் சொல்ல இயலாது.

ஆனால் இச்சோதனையின்போது வேறொன்றும் புலப்பட்டது. விண்ணப்பத்துக்கு உயிராக அமைந்தது அதுதான். தொண்டை நடுவிலிருந்து வரும் ஹாவைத் திருத்தும்போது நாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லி வந்தோம். ஒருவர், "தொண்டையைக் கனைத்துச் சொல்" என்கிறார். மற்றொருவர், "கண்ணாடியில் ஊதுவதுபோல் ஊது" என்கிறார். இன்னொருவர் விளக்கம் எதுவும் சொல்லாமல், தாம் உரக்கச் சொல்லி அதைத் திரும்பச் சொல்லச் செய்கிறார். நம் வகுப்பில் ஒருவாறு பழகிய பிள்ளை அடுத்த வகுப்புக்குச் சென்றதும் அந்தப் பழக்கம் கலைந்துபோகிறது. எந்த உஸ்தாதும் ஓதத் தெரியாதவரல்லர். பிள்ளையின் வாயில் எழுத்து எங்கே பிசகுகிறது என்று கண்டு திருத்தும் ஒரே முறை நால்வருக்கும் பொதுவாக இல்லை. குறை அங்கேதான் இருந்தது.

ஆகவே, "நமது ஓதலை மேம்படுத்திக்கொள்ள" என்று விண்ணப்பத்தில் நாம் எழுதவில்லை. நால்வரும் ஒரே விதமாகத் திருத்துவதற்கு ஒரு முறை தேவை. அதை ஒருவர் கற்று வந்து மற்ற மூவரோடும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றே எழுதினோம். நால்வரும் ஒரே நேரத்தில் சென்றால் மக்தபை மூட வேண்டியிருக்கும். ஒருவர் செல்வதானால் முதல் வகுப்பு உஸ்தாத் செல்வதே பொருத்தம். எழுத்து பழகும் இடம் அதுதான்.

பாடத்திட்டத்தைத் தேவையோடு பொருத்துதல்

நாம் தேர்ந்தெடுத்த பயிற்சி, தஜ்வீத் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கானது. சுமார் 180 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓர் ஊரில், அங்கேயே தங்கிப் பயிலும் 12 நாள் வகுப்பு. தங்குமிடத்தையும் உணவையும் சேர்த்துக் கட்டணம் 3,600 ரூபாய். பாடத்திட்டத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கினோம். இது முக்கியமானது. பயிற்சியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நிர்வாகத்தின் முன் சென்றால், முதல் கேள்விக்கே விடை இருக்காது.

முதல் மூன்று நாட்கள் எழுத்துகளின் பிறப்பிடங்கள். அடுத்த மூன்று நாட்கள் எழுத்துகளின் தன்மைகள். அதன்பின் மூன்று நாட்கள் சிறு பிள்ளைகளின் பிழையைச் செவியால் கண்டறிதலும் திருத்துதலும். பத்தாம், பதினோராம் நாட்களில் உண்மையான பிள்ளைகளுக்கு முன் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். கடைசி நாளில் காலையில் தேர்வு. பிற்பகலில் பல்வேறு கிராஅத்துகளைப் பற்றிய அறிமுகம்.

இவற்றில் எந்தப் பகுதி நமது எந்தக் குறைக்கு மருந்து என்பதை ஒரு தாளில் எதிரெதிரே எழுதினோம். இரண்டு ஹாக்களுக்கும் இரண்டு காஃப்களுக்கும் எதிரே பிறப்பிடப் பாடம். ஸீன், ஸாதுக்கு எதிரே தன்மைப் பாடம். ஏனெனில் இவ்விரண்டும் பிறப்பது ஒரே இடத்தில், அவற்றைப் பிரிப்பது நாவின் பின்பகுதி உயர்வதனால் ஏற்படும் கனமே. நால்வரும் வேறுவேறாகத் திருத்துவதற்கு எதிரே ஏழாம் நாள் முதல் பதினோராம் நாள் வரையிலான பாடங்கள். கிராஅத் அறிமுகத்துக்கு எதிரே, "நமது மக்தபுக்கு இப்போது தேவையில்லை" என்று எழுதினோம். நண்பர் ஒருவர் அந்த வரியை எடுத்துவிடும்படி சொன்னார். நாம் எடுக்கவில்லை. எல்லாமே பயன்படும் என்று எழுதப்பட்ட விண்ணப்பத்தை நம்புவது கடினம். பயன்படாததைப் பயன்படாது என்று சொன்னால்தான் மற்றவற்றுக்கு எடை கூடும்.

செலவும் மாற்று ஏற்பாடும்

பன்னிரண்டு நாட்களில் இரண்டு வெள்ளிக்கிழமைகள். அவை மக்தபுக்கு விடுமுறை. ஆகவே நாம் வராமலிருக்கும் பணிநாட்கள் 10. நமது மாதச் சம்பளம் 15,000 ரூபாய். மாதத்துக்கு 30 நாள் என்று கொண்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய். நிர்வாகம் ஏற்க வேண்டிய தொகை 5,000 ரூபாய். பயிற்சிக் கட்டணத்தையும் பேருந்துச் செலவையும் நாமே ஏற்பதாகக் கூறினோம். தொகையை மறைமுகமாக வைக்காமல் ரூபாயில் எழுதியது பொருளாளருக்கு உதவியாக இருந்தது. எவ்வளவு என்று தெரியாத செலவுக்குத் தலையசைக்க எவரும் துணியமாட்டார்.

காலத்தைப் பொறுத்தவரை, அந்தப் பயிற்சி ஆண்டில் மூன்று முறை நடக்கிறது. டிசம்பர் மாதத்து வகுப்பைத் தேர்ந்தெடுத்தோம். அரையாண்டுத் தேர்வும் அதையடுத்த விடுமுறையும் வரும் நாட்களில் மக்தபுக்கு வரும் பிள்ளைகள் குறைந்துவிடுவர். நம் வகுப்பில் முந்தைய ஆண்டு வருகைப் பதிவேட்டின்படி அந்நாட்களில் 18 பேருக்கு மேல் வந்ததில்லை.

அந்தப் பதினெட்டுப் பேரை யார் பார்த்துக்கொள்வது? கேட்கப்படும் முன்பே விடை சொல்ல வேண்டிய கேள்வி இது. அஸருக்குப் பின் இரண்டாம் வகுப்பு உஸ்தாத் தம் வகுப்போடு சேர்த்துப் பார்த்துக்கொள்ள இசைந்தார். மஃரிபுக்குப் பின் மூன்றாம் வகுப்பு உஸ்தாத் இசைந்தார். அவர்களது சுமையைக் குறைக்க, அந்தப் பத்து நாட்களில் புதிய பாடம் வேண்டாம், முதல் 12 பக்கங்களைத் திருப்பி ஓதினால் போதும் என்று முடிவு செய்து, நாளுக்கு எந்தப் பக்கம் என்று எழுதிக் கொடுத்தோம். இருவரிடமும் நேரில் கேட்டு, அவர்கள் வாயால் சம்மதம் பெற்ற பின்னரே அவர்கள் பெயரை விண்ணப்பத்தில் சேர்த்தோம். சக ஊழியரைக் கேளாமல் அவர் தலையில் வேலையைச் சுமத்திவிட்டு, அதை நிர்வாகத்தின் முன் ஏற்பாடு என்று வைப்பது பின்னாளில் மனக்கசப்பையே தரும்.

விண்ணப்பம்

இவ்வளவு ஆயத்தத்துக்குப் பின் எழுதிய விண்ணப்பம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. அதன் வாசகம் இது:

"மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நமது மக்தபில் காயிதா முடித்த 20 பிள்ளைகளிடம் கடந்த மாதம் எடுத்த சோதனையில், 14 பேர் இரு ஹாக்களையும் 11 பேர் இரு காஃப்களையும் பிரித்து ஓதவில்லை. உஸ்தாத்களாகிய நாங்கள் பிழை திருத்தும் முறை வகுப்புக்கு வகுப்பு வேறுபடுவதும் இதற்கு ஒரு காரணம். விவரத்தாள் இணைக்கப்பட்டுள்ளது.

இதைச் சீர்செய்ய உதவும் 12 நாள் ஆசிரியர் பயிற்சி டிசம்பரில் நடைபெறுகிறது. அதில் கலந்துகொள்ள 10 பணிநாட்களுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதனால் நிர்வாகத்துக்கு ஆகும் செலவு 5,000 ரூபாய். கட்டணமும் பயணச் செலவும் என்னுடையவை. வகுப்புக்கான மாற்று ஏற்பாடு இரு உஸ்தாத்களின் சம்மதத்தோடு செய்யப்பட்டுள்ளது.

திரும்பி வந்தபின், ஆறு வாரங்களுக்கு வாரம் ஒருமுறை 40 நிமிடம் மற்ற மூவருக்கும் கற்றதை எடுத்துரைப்பேன். நால்வரும் பின்பற்றத் தக்க ஒரு திருத்த அட்டையை உருவாக்குவேன். மூன்று மாதங்களுக்குப் பின் அதே பிள்ளைகளிடம் அதே பத்துச் சொற்களைக் கொண்டு மீண்டும் சோதித்து, முடிவை எவ்வாறாயினும் எழுத்தில் தருவேன். பயிற்சிக்குப் பின் ஓராண்டேனும் இங்கே பணியில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ்."

நபி யூசுஃப் (அலை) அவர்கள் மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, பாதுகாப்பவர், அறிந்தவர் என்னும் இரு தகுதிகளையே தம்மைக் குறித்துக் கூறினார்கள். விளைச்சலுள்ள ஏழாண்டுத் தானியத்தைப் பஞ்சமுள்ள ஏழாண்டுக்குக் காத்து வைக்கத் தேவைப்பட்டவை அவ்விரண்டும்தாம். தேவையையும் தகுதியையும் நேருக்கு நேர் வைத்துக் கேட்பதில் இழிவு எதுவுமில்லை என்பதற்கு அது போதுமான முன்மாதிரி.

எழுந்த கேள்விகள்

விண்ணப்பத்தைச் செயலாளரிடம் பத்து நாட்களுக்கு முன்பே கொடுத்தோம். நிர்வாகக் கூட்டத்துக்கு நம்மையும் அழைத்தனர். மூன்று கேள்விகள் எழுந்தன.

முதலில் பொருளாளர் கேட்டார்: "ஹஜ்ரத், ரமழான் முடிந்து உங்களுக்கு விடுமுறை இருக்கிறதே, அப்போது போனால் என்ன?" நாம் அந்நாட்களில் பயிற்சி நடைபெறுவதில்லை என்பதைச் சொல்லி, ஆண்டின் மூன்று வகுப்புகளின் தேதிகளையும் காட்டினோம். மற்ற இரண்டும் வருகை மிகுந்த மாதங்களில் அமைந்திருந்தன. அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

அடுத்து ஒரு மூத்த உறுப்பினர் மனத்திலிருந்ததை மறைக்காமல் கேட்டார்: "இங்கே செலவு பண்ணிப் படிக்க வைக்கிறோம். நாளைக்குப் பெரிய ஊர் மதரஸாவில் கூடச் சம்பளம் தருகிறோம் என்று கூப்பிட்டால் போய்விட மாட்டீர்களா, ஹஜ்ரத்?" இதில் வருந்துவதற்கு எதுவுமில்லை. அமானத்தைக் காப்பவர் கேட்க வேண்டிய கேள்வியே அது. நாம், "ஹாஜியார், ஓராண்டுக்குள் போனால் மீதமுள்ள மாதங்களின் கணக்குப்படி அந்தத் தொகையைத் திருப்பித் தந்துவிடுகிறேன். ஆறு மாதத்தில் போனால் பாதி. எழுதியே தருகிறேன்" என்றோம். மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று நீளமான வாக்குறுதி எதையும் கொடுக்கவில்லை. செலவுக்கு ஏற்ற அளவிலேயே கட்டுப்பாடும் இருக்க வேண்டும். நிறைவேற்ற இயலாத வாக்குறுதி இரு தரப்புக்கும் சுமை.

மூன்றாவது கேள்வி தலைவருடையது, கடினமானதும் அதுவே. "உங்களுக்குக் கொடுத்தால் நாளைக்கு மற்றவர்களும் கேட்பார்களே?" கேட்கலாம் என்றே நாம் கூறினோம். ஆண்டுக்கு ஒருவர், பிள்ளைகளின் குறை இன்னதென்று எழுதிக் காட்டுபவர், திரும்பி வந்து மற்றவர்களுக்குக் கற்பிப்பவர் என்று ஒரு வரையறை வைத்துக்கொண்டால் நிர்வாகத்துக்கும் எளிது, உஸ்தாத்களுக்கும் நியாயம் என்றோம். தனி ஒருவருக்குச் செய்யும் சலுகையாக இருந்த விஷயம் அந்த இடத்தில் ஒரு நடைமுறையாக மாறியது.

இறுதியில் 7 நாட்களுக்கு ஊதியத்துடன் பயிற்சி விடுப்பு அளித்தனர். மீதி மூன்று நாட்களை நமது ஆண்டுத் தற்செயல் விடுப்பிலிருந்து கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஏற்றுக்கொண்டோம். முடிவு நிர்வாகக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதப்பட்டு, அதில் நாமும் கையெழுத்திட்டோம். வாய்மொழியாகச் சரி என்று சொன்னதோடு விட்டுவிட்டால், மாதக் கடைசியில் சம்பளம் பிடிக்கப்படும்போது யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. கடனையும் தவணையையும் எழுதி வைக்கும்படி நமக்குக் கட்டளையிடப்பட்டிருப்பதில் உள்ள நலன் இங்கும் பொருந்தும்.

பயிற்சிக்குப் பின்

பயிற்சியில் நமக்கு மிகவும் பயன்பட்டது, பிழையைத் திருத்தும் வரிசைமுறையாகும். பிள்ளை பிழையாக ஓதியதும் சரியான ஓசையை உடனே சொல்லிக் கொடுக்கக் கூடாது. முதலில் இரு ஓசைகளையும் நாம் மாற்றி மாற்றிச் சொல்லி, எது எது என்று பிள்ளை கையால் காட்ட வேண்டும். செவி பிரித்தறிந்த பின்னரே வாய்க்கு வர வேண்டும். அப்போதும் அந்த எழுத்தை ஸுகூனுடன், முன்னால் ஒரு ஹம்ஸாவைச் சேர்த்துச் சொல்லச் செய்ய வேண்டும். எழுத்து எங்கே நின்று ஒலிக்கிறது என்பது அப்போது பிள்ளைக்கே தெரியும். அதன்பின்தான் சொல், அதன்பின்தான் வசனம்.

இந்த வரிசையை ஓர் அட்டையில் எழுதி நான்கு வகுப்புகளிலும் வைத்தோம். மூன்றாம் வகுப்பு உஸ்தாத் நம்மைவிட வயதில் மூத்தவர். முதல் இரண்டு வாரங்கள் அவர் அமர்ந்து கேட்டாரேயன்றி அட்டையைப் பயன்படுத்தவில்லை. மூன்றாம் வாரம், அவர் வகுப்புப் பிள்ளை ஒருவனை அழைத்து, அவர் முன்னிலையில் இரு காஃப்களையும் செவியால் பிரிக்கச் செய்தோம். பையன் கையால் சரியாகக் காட்டினான். ஆனால் வாயால் சொல்லவில்லை. "காதில் ஏறிவிட்டது, நாக்குக்குத்தான் வரவில்லை" என்று அவரே சொன்னார். அதற்குப்பின் அட்டை அவர் மேசையில் இருந்தது.

மூன்று மாதங்கள் கழித்து அதே 20 பிள்ளைகளிடம் அதே பத்துச் சொற்கள். இரு ஹாக்களைக் கலந்தவர்கள் 14இலிருந்து 5 ஆயினர். காஃப் 11இலிருந்து 4. ஸீன், ஸாத் 9இலிருந்து 6. ளாத் 17இலிருந்து 15 மட்டுமே. ளாதைச் சரிசெய்ய நமக்கு வழி கிட்டவில்லை என்பதை அறிக்கையில் அப்படியே எழுதினோம். மூன்று மாதங்களில் பிள்ளைகள் தாமாகவும் சற்று முன்னேறியிருப்பர். எல்லாமே பயிற்சியால் விளைந்தது என்று சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே எழுதினோம். அறிக்கையைப் படித்த பொருளாளர், அடுத்த ஆண்டு ஆலிமாவை அனுப்புவதானால் ளாதுக்குப் பயன்படும் பயிற்சி எது என்று விசாரித்து வைக்கச் சொன்னார்.

விடுப்பு மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்று சிலர் நம்மிடம் கேட்டனர். காரணத்தைக் கேட்டறிய வேண்டும். பணமே தடை என்றால், பாதி நாட்களுக்கு ஊதியம் கோரலாம், அல்லது குறுகிய பயிற்சி ஒன்றைத் தேடலாம். மாற்று ஏற்பாடு தடை என்றால், வேறு மாதத்தைக் குறிப்பிடலாம். தேவையே இல்லை என்று கருதுகின்றனர் என்றால், கணக்கெடுத்த தாளை அவர்களிடமே விட்டுவிட்டு வரலாம். பெற்றோர் எவரேனும் பிள்ளையின் ஓதலைப் பற்றிக் கேட்கும் நாளில் அது அவர்களுக்கே நினைவுக்கு வரும். ஊதியமில்லா விடுப்பில் செல்வதும் ஆகுமானதே. அதற்கும் முன் அனுமதி வேண்டும். இல்லாத நோயைக் காரணமாகச் சொல்லிச் செல்வது மட்டும் ஆகாது. அப்படிக் கற்று வந்ததை வகுப்பில் வெளிப்படையாகப் பயன்படுத்தவும் முடியாது, சக உஸ்தாத்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் முடியாது.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் நாவுகளைத் தன் வேதத்துக்கு எளிதாக்கி வைப்பானாக. ஆமீன்.